முந்திரி ஆலைக்குக் குத்தகைக்குப் போன இயந்திரம்: வாடகைக் கணக்கை அசலும் வட்டியுமாகப் பிரித்த பதிவு

நாகர்கோவிலில் முந்திரிப் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம், தனக்குப் பருப்பு தரும் கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலை ஒன்றுக்கு, நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்தை வாங்கிக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. கருகல் விழுந்த பருப்பையும் வெள்ளைப் பருப்பையும் கையால் பொறுக்குவது குறைந்தால் தனக்கு வரும் சரக்கு சீராக இருக்கும் என்பது நிறுவனத்தின் எண்ணம். குத்தகை அதன் முதன்மைத் தொழில் அல்ல. இந்த ஒரு இயந்திரம் மட்டுமே அப்படிப் போயிருந்தது. 2025-26ஆம் ஆண்டின் கணக்கு என்னிடம் வந்தபோது, இந்த ஒரு உடன்படிக்கையைச் சரிசெய்வதற்கே மற்ற வேலைகளைவிட அதிக நேரம் தேவைப்பட்டது. என்ன இருந்தது, அதை எப்படி மாற்றினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இயந்திரத்தின் விலை, கொண்டுவந்து நிறுவிய செலவு உட்பட, ஜிஎஸ்டி நீங்கலாக 12,00,000 ரூபாய். விற்றவரின் பில்லில் இருந்த 18% ஜிஎஸ்டியை நிறுவனம் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டுவிட்டதால் அது விலையில் சேராது. குத்தகை 2023 ஆகஸ்ட் 1 அன்று தொடங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக, ஒவ்வொரு காலாண்டின் கடைசி நாளிலும் 1,20,000 ரூபாய் வீதம் 12 தவணைகள். பழுதும் காப்பீடும் ஆலையின் பொறுப்பு. 12ஆம் தவணை முடியும் 2026 ஜூலை 31 அன்று, விரும்பினால் 60,000 ரூபாய் கொடுத்து இயந்திரத்தை ஆலை தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கணக்கில் இந்த இயந்திரம் நிறுவனத்தின் நிலைச் சொத்துப் பட்டியலில் இருந்தது. 15 ஆண்டு ஆயுள், 5% எச்ச மதிப்பு என்று வைத்து ஆண்டுக்கு 76,000 ரூபாய் தேய்மானம் போட்டிருந்தார்கள். பில் போட்ட ஒவ்வொரு 1,20,000 ரூபாயும் முழுதாக 'இயந்திர வாடகை' என்ற வருமானத்துக்குப் போயிருந்தது. வெளிப்பார்வைக்கு இதில் தவறு தெரியாது, ஏனென்றால் பில் இருக்கிறது, பணம் வந்திருக்கிறது, ஜிஎஸ்டி கட்டியாகிவிட்டது. ஆனால் உடன்படிக்கையின் கடைசிப் பிரிவைப் படித்ததும், மூன்றாண்டு மட்டுமே ஓடிய ஒரு சார்ட்டரை 60,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை எந்த ஆலையும் விடாது என்பது தெளிவாகிறது. சொத்தோடு சேர்ந்த பயனும் இடரும் கணிசமாக எடுத்தவர் பக்கம் போய்விட்டால் அது நிதிக் குத்தகை என்கிறது கணக்கியல் தரநிலை 19. பெரிய நிறுவனங்களுக்கான இன்ட் ஏஎஸ் தரநிலைகளின் வரம்புக்குள் இந்த நிறுவனம் வராததால் அந்தத் தரநிலைதான் இதற்குப் பொருந்தும். இன்ட் ஏஎஸ் 116 பொருந்தும் நிறுவனமாக இருந்தாலும், கொடுப்பவர் பக்கத்தில் நிதிக் குத்தகை என்ற வகைப்பாடும் வட்டியைப் பரப்பும் முறையும் ஏறக்குறைய இதேதான். ஆகவே கொடுத்தவரின் ஏட்டில் இயந்திரம் இருக்கக் கூடாது. அதன் இடத்தில் வரவேண்டிய தொகை ஒன்று இருக்க வேண்டும், வருகிற ஒவ்வொரு தவணையும் அந்த வரவேண்டியதின் அசலாகவும் வட்டியாகவும் பிரிய வேண்டும்.

மொத்தம் வரப்போவது 14,40,000 ரூபாய் தவணையும் 60,000 ரூபாய் கடைசித் தொகையும் சேர்ந்து 15,00,000 ரூபாய். போட்டது 12,00,000 ரூபாய். இடையில் இருக்கும் 3,00,000 ரூபாய்தான் மூன்றாண்டுக்கும் சேர்த்து நிறுவனத்தின் முழு வருமானம். இதற்கு மேல் இந்தக் குத்தகையில் ஒரு ரூபாய் லாபமும் கிடையாது. இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியதும் நிறுவனத்தின் உரிமையாளர் சிறிது நேரம் தாளையே பார்த்தார். 2024-25இல் மட்டும் இந்த இயந்திரத்தில் 4,80,000 ரூபாய் வாடகை, தேய்மானம் போக 4,04,000 ரூபாய் லாபம் என்று அவருடைய லாப நட்டக் கணக்கு சொல்லியிருந்தது.

அடுத்து, அந்த 3,00,000 ரூபாயை எப்படிப் பரப்புவது என்ற கேள்வி. “வருஷத்துக்கு ஒரு லட்சம் வச்சு எழுதிரலாமே சார், எட்டே கால் வட்டி கணக்குலதானே நாம தவணையைப் போட்டது?” என்றார் அவர். நம் பக்கத்தில் வண்டிக்கும் இயந்திரத்துக்கும் கடன் பேசும்போது இந்த ஃபிளாட் வட்டிதான் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றால் எட்டே காலுக்குச் சற்று மேல். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. காலாண்டுக்கு 25,000 ரூபாய் என்று சமமாகப் பிரித்தால், முதல் காலாண்டில் 12,00,000 ரூபாய் நிலுவைக்கு 25,000 ரூபாய் என்பது 2.08%, பன்னிரண்டாம் காலாண்டில் தொடக்க நிலுவை 1,55,000 ரூபாயாக இறங்கியிருக்கும், அதற்கும் அதே 25,000 ரூபாய் என்றால் 16.1%. ஒரே ஆளிடம், ஒரே உடன்படிக்கையில், விகிதம் இப்படிக் கிட்டத்தட்ட எட்டு மடங்காக ஏறுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நிலுவையில் உள்ள நிகர முதலீட்டின் மீது எல்லாக் காலத்திலும் ஒரே விகிதம் கிடைக்கும்படி வட்டியைப் பரப்ப வேண்டும் என்பதே தரநிலையின் விதி.

அந்த ஒரே விகிதத்தை உடன்படிக்கையில் தேடினால் கிடைக்காது. பணம் போன, வரும் வரிசைக்குள் அது ஒளிந்திருக்கிறது. எக்செலில் ஒரு வரி போதும்:

```
=RATE(12,120000,-1200000,60000)
```

விடை காலாண்டுக்கு 3.4905%. நான்கால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13.96%, வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 14.71%. எட்டே கால் என்று பேசிய அதே உடன்படிக்கைதான் இது.

இந்த வரியில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். போன பணத்துக்கும் வந்த பணத்துக்கும் எதிரெதிர்க் குறி இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் எக்செல் பிழைச் செய்தி காட்டிவிடும் என்பதால் இதில் ஆபத்து குறைவு. ஆபத்தானது நான்காவது எண். 60,000 ரூபாயை ‘அது கடைசியில் வருவதுதானே’ என்று விட்டுவிட்டால் விகிதம் 2.92% அளவுக்கு இறங்கிவிடும், அட்டவணையும் எந்தப் பிழையும் காட்டாமல் பூஜ்யத்தில் அழகாக முடியும். ஆனால் மூன்றாண்டு வட்டி 2,40,000 ரூபாயாகக் குறைந்து, கடைசி நாளில் 60,000 ரூபாய் ‘சொத்து விற்ற லாபம்’ என்று திடீரென்று முளைக்கும். அப்படி ஒரு லாபம் நிதிக் குத்தகையின் முடிவில் தெரிந்தால், விகிதம் கண்டுபிடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். தவணையை ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்தில் வாங்கும் உடன்படிக்கையாக இருந்தால் அந்த வரியின் இறுதியில் ஐந்தாவதாக 1 சேர்க்க வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை.

விகிதம் கிடைத்தபின் அட்டவணை தானாக ஓடுகிறது. முதல் காலாண்டில் 12,00,000 ரூபாய்க்கு வட்டி 41,886 ரூபாய்; 1,20,000 ரூபாய் தவணையில் மீதி 78,114 ரூபாய் அசல்; நிலுவை 11,21,886 ரூபாய். இரண்டாம் காலாண்டில் அந்த நிலுவைக்கு வட்டி 39,159 ரூபாய், நிலுவை 10,41,045 ரூபாய். இப்படியே போனால் பன்னிரண்டாம் தவணைக்குப் பிறகு நிலுவை சரியாக 60,000 ரூபாயில் வந்து நிற்க வேண்டும். எனக்கு 60,001 என்று வந்தது. அந்த ஒரு ரூபாய் விகிதத்தை நான்கு தசமத்தில் நிறுத்தியதால் வந்தது, அதைக் கடைசிக் காலாண்டின் வட்டியில் கழித்துக்கொண்டேன். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் அது தசமத்தின் வேலை அல்ல, ஏதோ ஒரு தவணையின் தேதியோ தொகையோ தவறு.

ஆனால் காலாண்டு அட்டவணை நிதியாண்டோடு பொருந்துவதில்லை. குத்தகையின் காலாண்டுகள் அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாதங்களின் கடைசியில் முடிகின்றன. கணக்கு முடிவதோ மார்ச் 31. மூன்றாம் காலாண்டின் வட்டி 36,338 ரூபாய். அதில் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கு உரிய 24,225 ரூபாயை 2023-24இலேயே எடுக்க வேண்டும், மீதி 12,113 ரூபாய் அடுத்த ஆண்டுக்குப் போகிறது. மூன்றில் இரண்டு பங்கு என்று எளிதாகப் பிரித்திருக்கிறேன். கூட்டுவட்டி முறையில் துல்லியமாகப் போட்டால் சுமார் 140 ரூபாய் குறையும், அடுத்த மாதமே அது திரும்பிவிடும் என்பதால் இந்த அளவு நிறுவனத்துக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பது என் முடிவு. இந்தத் தொகைக்கு மார்ச் 31 அன்று பில் எதுவும் இல்லை; பில் இல்லாமல் வருமானம் எப்படி என்று கணக்கு எழுதுபவர் கேட்பார். வட்டி காலம் ஓடுவதால் சேர்கிறது, பில் போடுவதால் அல்ல.

நான்கு நிதியாண்டுகளுக்கும் பிரித்தபின் கிடைத்தது இது:

| நிதியாண்டு | வட்டி வருமானம் (ரூ.) | ஆண்டு முடிவில் நிகர வரவேண்டியது (ரூ.) |
|---|---|---|
| 2023-24 | 1,05,270 | 10,65,270 |
| 2024-25 | 1,19,214 | 7,04,484 |
| 2025-26 | 66,141 | 2,90,625 |
| 2026-27 | 9,375 | 0 |

வட்டிகளைக் கூட்டினால் 3,00,000 ரூபாய். முதல் ஆண்டில் எட்டு மாதம் மட்டுமே என்பதால்தான் இரண்டாம் ஆண்டின் வட்டி கூடுதலாகத் தெரிகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் இறங்குமுகமே.

இனி பழைய பதிவுகளை மாற்ற வேண்டும். 2023-24இல் 2,40,000 ரூபாய் வாடகை, 50,667 ரூபாய் தேய்மானம் என்று 1,89,333 ரூபாய் லாபம் காட்டியிருந்தார்கள். வந்திருக்க வேண்டியது 1,05,270 ரூபாய். அடுத்த ஆண்டில் 4,04,000 ரூபாய்க்குப் பதில் 1,19,214 ரூபாய். இரண்டு ஆண்டிலும் சேர்த்து 3,68,849 ரூபாய் கூடுதல் லாபம். இதே தொகை வேறொரு வழியிலும் வர வேண்டும் என்பதுதான் என் சோதனை: 2025 மார்ச் 31 அன்று பழைய ஏட்டில் இயந்திரத்தின் மீதி மதிப்பு 10,73,333 ரூபாய், இருக்க வேண்டிய நிகர வரவேண்டியது 7,04,484 ரூபாய், வித்தியாசம் 3,68,849 ரூபாய். லாபத்தின் வழியும் இருப்புநிலையின் வழியும் ஒரே எண்ணில் சந்தித்த பிறகுதான் டேலியைத் திறந்தேன்.

ஒரே ஒரு ‘குத்தகை வரவேண்டியது’ லெட்ஜர் வைத்து நிகரத் தொகையை மட்டும் எழுதுவதும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ‘குத்தகை வரவேண்டியது - மொத்தம்’ என்று ஒன்றும், அதிலிருந்து கழிபடும் ‘ஈட்டப்படாத வட்டி’ என்று ஒன்றும் தனித்தனியாக வைத்தால், முதலாவது ஆலையின் கணக்கோடும் உடன்படிக்கையோடும் நேராக ஒத்துப் பார்க்கலாம், இரண்டாவது எக்செல் அட்டவணையோடு ஒத்துப் பார்க்கலாம். எங்கே பிசகினாலும் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். 2025 ஏப்ரல் 1 அன்று ஆறு தவணைகள் வந்துவிட்டதால் மொத்தத்தில் மீதி 7,80,000 ரூபாய், ஈட்டப்படாத வட்டி 75,516 ரூபாய். அன்று போட்ட திருத்தப் பதிவில் குத்தகை வரவேண்டியது மொத்தத்துக்கு 7,80,000 ரூபாயும், சேர்ந்த தேய்மானத்துக்கு 1,26,667 ரூபாயும், முந்தைய கால இனத்துக்கு 3,68,849 ரூபாயும் பற்று. இயந்திரத்துக்கு 12,00,000 ரூபாயும் ஈட்டப்படாத வட்டிக்கு 75,516 ரூபாயும் வரவு. பழைய ஆண்டுகளின் கணக்கு தணிக்கை முடிந்து தாக்கலாகிவிட்டதால் அவற்றைத் திறக்கவில்லை. கணக்கியல் தரநிலை 5 சொல்கிறபடி அந்த 3,68,849 ரூபாய் நடப்பு ஆண்டின் லாப நட்டக் கணக்கில் முந்தைய கால இனம் என்று தனி வரியில் காட்டப்பட்டது. இன்ட் ஏஎஸ் நிறுவனமாக இருந்தால் பழைய ஆண்டின் ஒப்பீட்டு எண்களையே திருத்த வேண்டியிருக்கும்.

இந்தத் திருத்தத்தால் 2025-26இல் லாபம் கடுமையாகக் குறைந்தது. உரிமையாளருக்கு இது வருத்தம்தான், அதுவும் வங்கியில் ஓவர்டிராஃப்ட் கணக்கின் புதுப்பிப்பு நெருங்கும் நேரத்தில். குறிப்புப் பகுதியில் காரணத்தை இரண்டு வரியில் தெளிவாக எழுதி, அட்டவணையையும் இணைத்து வங்கிக்குக் கொடுக்கச் சொன்னேன்.

அன்றாடப் பதிவில் மூன்று இடங்களில் தடுமாற்றம் வருகிறது. பில் வழக்கம்போல 1,20,000 ரூபாய் வாடகைக்கும் 21,600 ரூபாய் ஜிஎஸ்டிக்கும்தான் போடப்படும், ஏனென்றால் ஜிஎஸ்டி சட்டம் முழுத் தவணைக்கும் வரி கேட்கிறது, அதில் வட்டி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஆனால் டேலியில் அந்த 1,20,000 ரூபாய் வருமான லெட்ஜருக்குப் போகாமல் குத்தகை வரவேண்டியதின் மொத்தத்தைக் குறைக்க வேண்டும். 21,600 ரூபாய் அரசின் பணம், அது இந்த அட்டவணைக்குள் எந்த இடத்திலும் நுழையக் கூடாது. வட்டிக்குத் தனி ஜர்னல்: ஈட்டப்படாத வட்டி பற்று, வட்டி வருமானம் வரவு. இதன் விளைவாக ஜிஎஸ்டி படிவத்தில் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் விற்றுமுதல் தெரியும், லாப நட்டக் கணக்கில் 66,141 ரூபாய்தான் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு ஒரு சமரசத் தாளை ஒவ்வொரு ஆண்டும் கோப்பில் வைப்பது, பிறகு வரும் கடிதத்துக்குப் பதில் தேடுவதைவிட எளிது.

டிடிஎஸ் அடுத்தது. 2023-24இல் வாடகை 2,40,000 ரூபாயைத் தாண்டாததால் ஆலை எதையும் பிடிக்கவில்லை. 2024-25இல் தாண்டியதால் இயந்திர வாடகைக்கான 2% வீதம், தவணைக்கு 2,400 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருந்தார்கள். பழைய கணக்கில் ஆண்டு முழுதும் சேர்ந்த 9,600 ரூபாய் ‘தள்ளுபடி’ என்று எழுதப்பட்டிருந்தது. வங்கிக்கு வந்த தொகையை மட்டும் பார்த்து வரவு வைத்தால் இப்படித்தான் ஆகும், குத்தகை வரவேண்டியதும் ஒருநாளும் அட்டவணையோடு ஒத்துப்போகாது. தவணை முழுதாகக் கழிய வேண்டும், பிடித்தது வரித்துறையிடமிருந்து வரவேண்டியதாக நிற்க வேண்டும்.

மூன்றாவது இந்த ஊர் வியாபாரத்துக்கே உரியது. ஆலை சில தவணைகளைப் பணமாகத் தராமல், தான் அனுப்பிய பருப்பின் பில்லில் கழித்துக்கொண்டது. இது தவறல்ல, ஆனால் கணக்கு எழுதியவர் பருப்புக் கொள்முதலையே கழித்த தொகைக்கு எழுதியிருந்தார். கொள்முதல் முழுத் தொகைக்கு, தவணை முழுத் தொகைக்கு, இடையில் ஒரு சரிக்கட்டல் ஜர்னல் என்று மூன்றையும் பிரித்தபிறகுதான் ஆலையின் கணக்கு நேரானது.

வருமான வரியில் கதை வேறு. அங்கே கொடுத்தவரே உரிமையாளர் என்பதால், வாடகை முழுதும் வருமானம், இயந்திரத்துக்குத் தேய்மானம் அவருக்கே. குத்தகைக்குக் கொடுத்தவர் தேய்மானம் கோரலாம் என்று 2013இல் ஐசிடிஎஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே கம்பெனி ஏட்டிலிருந்து வெளியேறிய இயந்திரம் வரித் தேய்மானப் பட்டியலில் அப்படியே தொடர வேண்டும்; இரண்டிலிருந்தும் நீக்கிவிடுவது அடிக்கடி பார்க்கிற பிழை. 15% வீதத்தில் இரண்டாண்டு தேய்மானம் போக வரியின்படி மீதி மதிப்பு 8,67,000 ரூபாய், ஏட்டில் நிகர வரவேண்டியது 7,04,484 ரூபாய். இந்த 1,62,516 ரூபாய் வித்தியாசத்துக்கு ஒத்திவைத்த வரிச் சொத்து ஒன்றும் பதிவானது. பழைய ஆண்டுகளில் கட்டிய வரி இந்த முறைப்படியே கணக்கிடப்பட்டிருந்ததால் அதில் மாற்றம் இல்லை.

உடன்படிக்கையின் வாசகத்தையும் ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டினோம். முழுத் தொகையும் கட்டியதும் உரிமை மாறியே தீரும் என்று எழுதியிருந்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அது தொடக்கத்திலேயே பொருள் வழங்கலாகிவிடும், வரியையும் தவணைதோறும் கட்ட முடியாது. இங்கே ‘விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்’ என்றே இருந்தது. எனவே 2026 ஜூலை 31 அன்று கடைசித் தவணையின் பில்லுக்கு அடுத்து, 60,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டியோடு தனியாக ஒரு விற்பனைப் பில் போட வேண்டும். அந்தத் தொகை விற்பனை வருமானத்துக்குப் போகாமல் குத்தகை வரவேண்டியதையே கழித்து, இரண்டு லெட்ஜர்களையும் பூஜ்யமாக்க வேண்டும்.